விருப்பப் பங்களிப்பை எந்த அளவோடு நிறுத்தலாம்?

கும்பகோணத்தில் தனியார் நிறுவனமொன்றில் பணிபுரியும் எனக்கு அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய்; அதில் 12 சதவீதமான 7,200 ரூபாய் மாதந்தோறும் பி.எஃப்.-க்குப் பிடிக்கப்படுகிறது. குறுவை பொய்த்த ஆண்டுகளில் அப்பா கடன் வாங்கியதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், விருப்பப் பங்களிப்பாக மேலும் 15,000 ரூபாய் செலுத்தி, அதையே நீண்டகாலச் சேமிப்பின் அடித்தளமாக்க எண்ணினேன். 2024-25க்கான வட்டியும் 8.25 சதவீதம்.

ஆனால் சம்பளச் சீட்டை வைத்துக் கணக்கிட்டபோது, என் பங்கு மட்டும் ஆண்டுக்கு 2,66,400 ரூபாயாகிறது, 2.5 லட்சத்துக்கு மேற்பட்ட 16,400 ரூபாய்க்கான வட்டிக்கு ஆண்டுதோறும் வரி உண்டு. எனவே 13,600 ரூபாயோடு நிறுத்துவதே சரியெனப்படுகிறது. வட்டி விகிதம் ஆண்டுக்கு ஆண்டு அறிவிக்கப்படுவதால், ஓய்வுக்கு இன்னும் 24 ஆண்டுகள் இருக்கும் நிலையில் இதனுடன் குறியீட்டு நிதியில் எவ்வளவு சேர்ப்பது பொருத்தம் என்று அனுபவமுள்ளவர்கள் கூறுமாறு வேண்டுகிறேன்.