தோய்மாவா, கரைமாவா? ஆப்பிள் வளையம் பொரிக்க ஒரு சொல்

மீனாட்சி:
வணக்கம். தென் ஜெர்மனியின் 'அப்ஃபெல்கியூஹ்லே' செய்முறையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆப்பிளின் நடுத்தண்டை எடுத்துவிட்டு, ஒரு செ.மீ. கனத்தில் வளையமாக அரிந்து, மாவில் முக்கிப் பொரித்து, பட்டைத்தூள் கலந்த சர்க்கரையோடு தருவார்கள். ஒரு வரியில் சிக்கிக்கொண்டேன்: "வளையத்தை மாவில் புரட்டி, பிறகு மாவில் முக்கவும்." முதல் மாவு உலர்ந்தது, அடுத்தது கரைத்தது. இட்லிக்கு அரைத்ததும் மாவு, சப்பாத்திக்குப் பிசைந்ததும் மாவு. பண்டத்தை முக்கிப் பொரிக்கக் கரைத்த மாவுக்குத் 'தோய்மாவு' என்று வைக்கலாமா?

சரவணன்:
எதற்குப் புதுச்சொல்? பஜ்ஜிக் கடையில் "மாவு கரைச்சாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். 'கரைமாவு' போதும். செய்முறையும் பஜ்ஜிதானே: மாவு கெட்டியாக இருந்தால் ஒட்டும், எண்ணெய் நன்றாகப் புகைந்தால் மொறுமொறுவென்று வரும்.

இராசையா:
தங்கச்சி, நான் ஸ்ருட்கார்ட்டில் உணவகச் சமையலறையில் நெடுங்காலம் நின்றவன். சரவணன் தம்பி சொல்வதில் பாதி சரி. தண்ணியான மாவு வழுக்கி விழும், உண்மை. ஆனால் அளவுக்கு மீறித் தடித்தால் வளையத்தின் நடுத்துளையை மாவே அடைத்துவிடும். வெளியே பொன்னிறம், நடுவில் பச்சை மாவு. 200 கிராம் கோதுமை மா, 2 முட்டை, 200 மி.லி. பால், ஒரு சிட்டிகை உப்பு. இந்தப் பதத்தில் கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்கும். வளையத்தைத் தூக்கினால் துளை திறந்தே இருக்க வேணும்.

எண்ணெய் புகையக் கூடாது. 170 முதல் 180 பாகை போதும். மர அகப்பைக் காம்பை விட்டால் அதைச் சுற்றிச் சின்னக் குமிழ் வர வேணும். அதற்கு மேலே சூடேறினால் மா கறுக்கும், அப்பிள் வேகாது. ஒரே நேரத்தில் தாச்சி நிறையப் போட்டால் சூடு இறங்கி எண்ணெயைக் குடிக்கும்.

சொல்லைப் பற்றி ஒன்று: யாழ்ப்பாணத்தில் 'தோயிறது' என்றால் தலையில் தண்ணி வார்த்துக் குளிப்பது. தோய்மா என்றால் எங்கட ஆட்கள் சிரிப்பினம்.

தங்கம்:
நான் நாகர்கோவில். இங்கே பழம்பொரி என்று ஏற்கெனவே பேர் இருக்கிறதே, அதையே வையுங்களேன்! என் சந்தேகம் வேறு. ஏத்தம்பழத்தில் செய்தால் மாவு ஒட்டுகிறது. ஆப்பிளில் செய்து பார்த்தேன், எண்ணெயில் போட்டதும் மாவு தனி, பழம் தனி. ஏன்?

மீனாட்சி:
தங்கம் அக்கா, நான் கேட்டது பண்டத்தின் பேரை இல்லை, மாவின் பேரை. ஆனால் உங்கள் கேள்விக்கும் அந்த வரியில்தான் பதில் இருக்கிறது.

இராசையா:
ஓம். வெட்டிய அப்பிள் சாறு விடும், கறுக்காமல் இருக்கத் தேசிக்காய்ச் சாறும் தடவுவோம். அந்த ஈரத்தில் மா பிடிக்காது. துணியால் ஒற்றி, உலர்ந்த மாவில் மெல்லிசாகப் புரட்டி, மிச்சத்தைத் தட்டிவிட்டுக் கரைத்ததில் முக்குங்கோ. நல்லாப் பழுத்த ஏத்தம்பழத்தின் மேல் அவ்வளவு நீர் இல்லை. அப்பிளும் புளிப்பான, இறுகின சாதியாக வேணும். இங்கே பொஸ்கோப் எடுப்போம். மாப்போல உதிருகிற அப்பிள் உள்ளே குழைந்துவிடும்.

சரவணன்:
புகையும் எண்ணெயை விட்டுக்கொடுக்கிறேன், கரைமாவை விடமாட்டேன்.

மீனாட்சி:
ரவா தோசைக்கும் மாவைக் கரைக்கிறோமே, அதில் எதையும் முக்குவதில்லை. நான் கேட்பது பயனைக் காட்டும் சொல். 'முக்குமாவு' என்றால் யாழ்ப்பாணத்திலும் சிரிக்கமாட்டார்கள், ஆனால் அச்சில் பார்க்கக் கொஞ்சம் முரடாக இருக்கிறது. உலர்ந்ததை 'உலர்மாவு' என்று எழுதினால் குழப்பம் பாதி தீரும்.

இன்னொன்று, 'சர்க்கரை தூவல்' சரியா?

இராசையா:
இரண்டு வேலை இருக்கு. கறுவாத்தூள் சேர்த்த மணிச் சீனி என்றால், தாச்சியிலிருந்து எடுத்து எண்ணெய் ஒற்றியதும் சூட்டோடு அதில் புரட்ட வேணும், ஆறினால் ஒட்டாது. அரித்த தூள் சீனி என்றால் கொஞ்சம் ஆறவிட்டு, பரிமாறும்போது வடியால் தூவ வேணும்; சூட்டில் தூவினால் உருகி மறைந்துவிடும். ஒரே சொல்லைப் போட்டால் படிக்கிறவர் எப்போது செய்வது என்று அறியமாட்டார்.

மீனாட்சி:
அப்படியானால் புரட்டல், தூவல் இரண்டும் இருக்கட்டும். தோய்மாவை இந்த வரைவில் போடுகிறேன். யாழ்ப்பாண வாசகர்களுக்காக முதல் இடத்தில் 'முக்கிப் பொரிக்கக் கரைத்த மாவு' என்று விரித்து எழுதிவிடுகிறேன்.

தங்கம்:
சரி, ஒற்றித் துடைத்துச் செய்து பார்க்கிறேன். முட்டை சேர்க்காமல் வருமா? வீட்டில் சைவம்.

இராசையா:
வரும். முட்டைக்குப் பதில் சோடாத் தண்ணி விட்டு, மாவோடு கொஞ்சம் அரிசிமா சேருங்கோ. பாலை அதற்கேற்றபடி குறையுங்கோ. மொறுமொறுப்பு இருக்கும், ஆனால் முட்டையின் பொசுபொசுப்பு வராது.

சரவணன்:
அரிசி மாவு, கோதுமை மாவு, சோடா எல்லாம் சேர்த்துக் கரைத்தால் அது என்ன மாவு? கரைமாவுதான்.