ஒரு பெண்ணும் ரெண்டு மாடும்: வினைமுற்று எப்படி வரும்?

வணக்கம், கொழும்பில நியூஸ் டெஸ்க்ல வேலை செய்ற ஆக்கள் யாராவது இருந்தா ஒருக்கா உதவுங்கோ. 'அமைச்சர் தெரிவித்தார்', 'அமைச்சர்கள் தெரிவித்தனர்' இதில பிரச்சினை இல்ல, ஒருத்தருக்கு மரியாதைக்கு -ஆர், ஆணோ பெண்ணோ அதுதான், பலருக்கு -அனர். 'அமைச்சரும் செயலாளரும் சென்றனர்', ஆனா 'அமைச்சர் செயலாளருடன் சென்றார்', ஏனெண்டா உடன் போட்டா எழுவாய் அமைச்சர் மட்டும்தான். 'குழு சென்றது', 'குழுவினர் சென்றனர்', அதுவும் ஓகே.

இப்ப இடி விழுந்த செய்தி ஒண்டு எடிட் பண்றன். 'மின்னல் தாக்கி ஒரு பெண்ணும் இரண்டு மாடுகளும் உயிரிழந்தனர்' எண்டு வந்திருக்கு. உயிரிழந்தனர் எண்டா மாடும் உயர்திணையாகுது, உயிரிழந்தன எண்டா அந்த அம்மா அஃறிணையாகிறா, அது எனக்கு மனசுக்கு ஒத்துக்கொள்ளவே இல்ல. 'பெண் ஒருவர் உயிரிழந்ததுடன் இரண்டு மாடுகளும் இறந்துள்ளன' எண்டு பிரிச்சா ரெண்டு எழுவாய்க்கும் தனித்தனி வினை கிடைக்குது, செய்திக்குள்ள எழுதுறதுக்கு அது போதும். ஆனா தலைப்பில அவ்வளவு இடமில்ல. 'மின்னல் தாக்கி பெண், 2 மாடுகள் பலி' எண்டு வினைமுற்றே இல்லாம விடலாமோ? உங்கட டெஸ்க்ல என்ன செய்றீங்க, சொல்லுங்கோ.