மூன்று கொடையாளரை நம்பியிருப்பது 62 சதவீதமாகக் குறைந்ததாம்! யாருடைய கணக்கு இது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

பக்கத்து இழையில் ஒருவர் போட்டது இது, அப்படியே தருகிறேன்:

"பைகள் தைத்து விற்கும் பிரிவைத் தொடங்கினோம். முன்பு பட்ஜெட் 100 என்றால் மூன்று கொடையாளர்கள் தந்தது 80. இப்போது விற்பனை 30 சேர்ந்து பட்ஜெட் 130 ஆகிவிட்டது. கொடையாளரை நம்பியிருப்பது 62 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எல்லாத் தொண்டு நிறுவனங்களும் செய்யலாமே, ஏன் கையேந்த வேண்டும்?"

அங்கே முப்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள். ஒருவர்கூட அந்த 30இல் துணிக்கும் கூலிக்கும் போனது எவ்வளவு என்று கேட்கவில்லை. விற்பனையை அப்படியே வருமானம் என்று பட்ஜெட்டில் ஏற்றினால் சதவீதம் குறையத்தான் செய்யும். நாளைக்கே துணியை வாங்கி வாங்கின விலைக்கே விற்றாலும் குறையும். இப்படி ஒரு கணக்கை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் காட்டிக் கைதட்டல் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

தையல்கூடம் எழுதியது:

அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், பரவாயில்லை. செலவு போகத்தான் சொல்கிறேன். துணி, நூல், ஜிப் எல்லாம் 13. தைப்பவர்கள் கூலி 9. வாடகை மின்சாரத்தில் எங்கள் பங்கு 2, வண்டிக்கூலி 1, கணக்கெழுதுபவருக்கு 1. மொத்தம் 26. மீதி 4 கையில் நிற்கிறது. இது நட்டமா? தணிக்கை அறிக்கை பற்றிய இழையிலும் இவர் இப்படித்தான் வந்து குதித்தார். யாராவது ஏதாவது உருப்படியாகச் செய்தால் இவருக்குத் தூக்கம் வராது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சரி, உங்கள் 4ஐயே எடுத்துக்கொள்வோம். கொடையாளர் போனால் உங்கள் பள்ளியையும் மருந்துச் செலவையும் நடத்த அந்த 30 வராது, 4தான் வரும். அப்போது 104இல் 80, அதாவது 77 சதவீதம். நீங்கள் சொன்ன 62க்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே பாருங்கள்.

அடுத்தது, உங்கள் பட்டியலில் இயக்குநர் சம்பளம் எங்கே? வாரத்தில் இரண்டு நாள் அவர் பை வேலைதான் பார்க்கிறார் என்று போன மாதம் நீங்களே பெருமையாக எழுதினீர்கள். ஐந்து நாளில் இரண்டு நாள். அவர் சம்பளம் உங்கள் அளவில் 10 என்றும் அதே இழையில் சொல்லியிருக்கிறீர்கள். அதில் 4 பை பிரிவின் செலவு. மீதி என்ன? சைபர். விற்காமல் மூலையில் கிடக்கும் பைகளை இன்னும் கழிக்கவில்லை.

தையல்கூடம் எழுதியது:

பை இல்லாவிட்டாலும் அவருக்கு அந்தச் சம்பளம் கொடுக்கத்தானே போகிறோம்? பை பிரிவை நாளைக்கே மூடினால் அந்த 4 மிச்சமாகுமா? ஆகாது. மிச்சமாகாத செலவை எப்படி அதன் தலையில் கட்டுவீர்கள்? இதை எந்தக் கணக்கியல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்?

நேர்பேச்சு எழுதியது:

ஆகா, ஆரம்பித்துவிட்டார்கள். நாலு, நாலு, நாலு. இன்று முழுக்க இந்த நாலுதான்.

செம்பருத்தி எழுதியது:

இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கூலி 9 வாங்குகிற பெண்கள் யார்? அந்த நிறுவனம் உதவ வேண்டும் என்று இருக்கும் அதே பெண்கள்தானே. வேலையும் கூலியும் கொடுப்பதே அவர்கள் சேவை. அப்படியானால் அந்த 9ஐச் செலவு என்று கழிப்பதே தப்பு. கழிக்காவிட்டால் மீதி 13. கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு மனிதர்களும் துணி மாதிரி ஒரு செலவுத் தலைப்புதான் போல.

இன்னொன்று, கொடையாளர் பணம் இன்ன வேலைக்கு என்று கட்டிப்போட்டு வருகிறது. இந்த 4 எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். கட்டிப்போட்ட பத்தைவிடக் கட்டாத நாலு மேல் என்று நிர்வாகம் பார்த்த யாருக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

செம்பருத்தி, கடைசியாகச் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. கட்டாத பணத்துக்கு மதிப்பு உண்டு. அது உண்மையிலேயே இருந்தால்.

கூலி விஷயத்தில் பாதி சரி. புதிதாகக் கற்கும் ஒருவர் சாதாரண தையல் பட்டறைத் தொழிலாளியைவிட மெதுவாகத் தைப்பார், அவருக்குப் பயிற்சி தர ஆள் வேண்டும், விடுப்பு கூடுதலாகத் தர வேண்டும். அந்த அதிகப்படியை மட்டும் பிரித்து "இது சேவைச் செலவு" என்று எழுதி அதற்கு ஒரு கொடையாளரிடம் கேட்கலாம். ஒழுங்காக நடத்துபவர்கள் அப்படித்தான் இரண்டு பத்தியாகப் போடுகிறார்கள். முழுக் கூலியையும் சேவை என்று தூக்கிவிட்டால் அந்த 9ஐ யார் தருகிறார்கள்? பை விற்ற பணம்தானே தருகிறது? கொடுத்து முடித்த பணத்தை மறுபடியும் மீதியில் காட்டினால் அது இரண்டு தடவை எண்ணுவது. சேவை என்று சொல்லுங்கள், நல்ல சேவை. கொடையாளரிடமிருந்து விடுதலை என்று சொல்லாதீர்கள்.

தையல்கூடம், உங்கள் கேள்விக்கு. இந்த மாதம் இன்னொரு ஆர்டர் எடுக்கலாமா என்று முடிவு செய்ய இயக்குநர் சம்பளத்தைச் சேர்க்கத் தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். இந்தப் பிரிவு நம்மைத் தாங்குகிறதா, நாம் அதைத் தாங்குகிறோமா என்று பார்க்கச் சேர்த்தே ஆக வேண்டும். அந்த இரண்டு நாளில் அவர் முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்? கொடையாளர்களைப் பார்த்தார், விண்ணப்பம் எழுதினார், கள அறிக்கையைச் சரிபார்த்தார். இப்போது ஜிப் சப்ளை செய்பவரோடு மல்லுக்கட்டுகிறார். உங்கள் சிறு நன்கொடைகள் முன்பு 20 இருந்தன. உங்கள் 130இல் 80ம் 30ம் போனால் அதே 20தான் நிற்கிறது, ஓர் அடிகூட ஏறவில்லை.

2005இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ஃபாஸ்டர், பிராடாக் இருவரும் எழுதியது இதைத்தான். இப்படித் தொழில் தொடங்கிய அமைப்புகளில் 71 சதவீதம் நட்டம் என்று சொன்னது, 24 சதவீதம் லாபம் என்றது. லாபம் என்றவர்களிலும் பாதிப் பேர் பொதுச் செலவையும் மேல்மட்டத்தினர் நேரத்தையும் முழுதாகக் கணக்கில் சேர்க்கவில்லை. அதாவது உங்கள் நாலு.

தையல்கூடம் எழுதியது:

அமெரிக்கக் கதை, அதுவும் அரதப் பழசு. அவர்கள் நட்டப்பட்டால் நானும் படவேண்டுமா? பை மூடினால் அந்த 4 மிச்சமாகுமா ஆகாதா, அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

கூடத்துக்காரர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சின்னதாக ஒரு நூலகம் நடத்துகிறோம். மாடியில் உள்ள கூடத்தை வார இறுதியில் கூட்டங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். பெரிய செலவு இல்லை, கரண்ட்டும் துடைக்கிற ஆளும்தான். வருவதில் பெரும்பகுதி மிச்சம். முன்பணம் வாங்குகிறோமே, அதை வருமானத்தில் எழுதுவதா வேறு எங்காவதா? கணக்குப்பிள்ளை சார் சொன்னால் உதவியாக இருக்கும்.

நேர்பேச்சு எழுதியது:

சாருக்கு இப்போது நாலில் வேலை. வரிசையில் நில்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கூடத்துக்காரர், திருப்பித் தர வேண்டிய முன்பணம் கடன் பக்கம், நிகழ்ச்சி முடிந்து கழித்துக்கொண்டது மட்டும் வருமானம். உங்களுடையது இவர்களுடையதைவிட நல்ல வழி. இருக்கிற கட்டடம் சும்மா கிடக்கும் நேரத்தை விற்கிறீர்கள், துணி வாங்கி முடக்கவில்லை. ஒன்றே ஒன்று பாருங்கள், வாசகர் கூட்டமும் பிள்ளைகள் வகுப்பும் கூடம் கிடைக்காமல் தள்ளிப்போகிறதா என்று.

தையல்கூடம், நேரான பதில்: உடனே மிச்சமாகாது. ஆனால் அந்த 10இல் 6 எங்கிருந்து வருகிறது? 40 தருகிற உங்கள் முதல் கொடையாளரின் திட்டப் பணத்திலிருந்து. அவர் போனால் இயக்குநர் இருப்பாரா? இயக்குநர் இல்லாமல் பை ஓடுமா? அப்புறம் எதற்கு அதைக் காப்பு என்கிறீர்கள்?

இதைவிடப் பெரியது ஒன்று. உங்கள் 30 விற்பனையில் 20ஐ வாங்குவது யார்? அதே முதல் கொடையாளரின் கம்பெனி. ஊழியர்களுக்குப் பரிசுப் பையாம். அப்படியானால் அந்த ஒரே இடத்திலிருந்து 40ம் 20ம், ஆக 60 வருகிறது. உங்கள் 130இல் 46 சதவீதம். முன்பு அவர் 100இல் 40. உங்கள் அளவுகோலை வைத்தே பார்த்தாலும் அவர்மேல் சாய்வது கூடியிருக்கிறது!

தையல்கூடம் எழுதியது:

வாங்குபவர் யார் என்று உங்களுக்கு யார் சொன்னது? உள்ளே இருக்கும் ஆள் யாரோ பேசியிருக்கிறார். இது நாகரிகமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

உங்கள் ஆண்டறிக்கையில் படத்தோடு போட்டிருக்கிறீர்கள். நன்றி தெரிவித்து.

நேர்பேச்சு எழுதியது:

😂😂

செம்பருத்தி எழுதியது:

சிரிக்க ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் தெரிந்தவர்தான் முதலில் வாங்குவார், எந்தத் தொழிலும் அப்படித்தான். அடுத்த ஆண்டு வெளியே விற்பார்கள். நான் பார்த்த வேறு ஒரு கஷ்டம் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. விற்பனை வருகிறது என்று தெரிந்ததும் எங்கள் சிறு நன்கொடையாளர்கள் "உங்களுக்குத்தான் வருமானம் வருகிறதே" என்று மெல்ல நிறுத்திக்கொண்டார்கள். விற்பனைத் தொகையைப் பெரிதாகப் பறைசாற்றினால் இது நடக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதைத்தானே முதல் வரியிலிருந்து சொல்கிறேன், 30 என்று பறைசாற்றாதீர்கள் என்று.

அந்தக் கம்பெனி பணம் எப்போது தருகிறது என்பதையும் கேளுங்கள். 90 நாள் என்றால் ஆண்டு விற்பனை 30இல் நாலில் ஒரு பங்கு, ஏழரை, எப்போதும் வெளியே நிற்கும். பெயருக்கேற்ற ஏழரைதான். அதற்குள் துணிக்காரருக்கும் தைப்பவர்களுக்கும் கொடுத்தாக வேண்டும். எங்கிருந்து கொடுக்கிறீர்கள்? வங்கிக் கணக்கு ஒன்றே என்றால் பள்ளிக்கு வந்த திட்டப் பணத்திலிருந்து. கொடையாளரின் தணிக்கையாளர் ஆண்டு நடுவில் வந்து அந்தப் பணத்தை இருப்பில் காட்டச் சொன்னால் மூலையில் கிடக்கும் பைகளைத்தான் காட்ட வேண்டும்.

நான் செய்வதென்றால் தனி வங்கிக் கணக்கு, தனிப் பேரேடு. பிரதான பட்ஜெட்டில் மீதி மட்டும், அதுவும் முதல் ஆண்டுக்கு சைபர். புழங்குகிற பணத்துக்குக் கட்டுப்பாடில்லாத சேமிப்பிலிருந்து ஒரு தொகையை நிர்வாகக் குழு தீர்மானம் போட்டு ஒதுக்க வேண்டும். அது இவ்வளவுக்குக் கீழே போனால் புது ஆர்டர் நிறுத்தம் என்று முன்பே எழுதி வைக்க வேண்டும். அப்போது இயக்குநர் நேரத்தை நீங்கள் சேர்க்கிறீர்களா இல்லையா என்பதும் எழுத்தில் வந்துவிடும்.

தையல்கூடம் எழுதியது:

தனிப் பேரேடு எங்களிடம் இருக்கிறது. ஆண்டுக் கூட்டம் முடிந்ததும் போடுகிறேன். அதில் 4 இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி பேசுகிறவர்கள் பேசிக்கொண்டே இருங்கள், எங்கள் பெண்கள் தைத்துக்கொண்டே இருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

போடுங்கள். அதில் இயக்குநர் சம்பளம் எந்த வரியில் என்று மட்டும் பார்க்கிறேன்.

தையல்கூடம் எழுதியது:

எந்த வரியிலும் இருக்காது. மூடினால் மிச்சமாகாத செலவு. எத்தனை தடவை சொல்வது?

கூடத்துக்காரர் எழுதியது:

பதிலுக்கு நன்றி சார். நிகழ்ச்சியை அவர்களே ரத்து செய்துவிட்டு முன்பணத்தில் பாதி கேட்கிறார்கள், அந்த மீதிப் பாதியையும் கடன் பக்கமே வைக்கவா?