சார்ஜ் போடும் இடத்தில் ஈரம்: திங்கள் காலைக்குள் இரண்டு சொல் வேண்டும்

கவிதா எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். ஒரு போன் மென்பொருளின் தமிழாக்கம் திங்கள் காலை மூடப்படுகிறது. சார்ஜ் போடும் துளை நனைந்தால் திரையில் வரும் `Moisture detected` என்ற எச்சரிக்கையில் வந்து நிற்கிறேன். இப்போது கோப்பில் இருப்பது: "ஈரப்பதம் கண்டறியப்பட்டது. மின்னேற்றத் துறையைச் சரிபார்க்கவும்."

இதை அத்தையின் போனில் போட்டுக் காட்டினேன். அவர் படித்தார், எழுந்தார், போனை எடுத்துப்போய் ஏசி அறையில் வைத்தார். காலையில்தான் டிவி செய்தியில் ஈரப்பதம் அதிகம் என்று சொன்னார்களாம். அப்புறம் கேட்டார்: "எந்தத் துறை? மின்சார வாரியமா?" கேபிள் அதுவரை செருகியபடியே இருந்தது.

ஆக, எனக்கு வேண்டியது இரண்டு சொல்: ஈரப்பதத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று. தலைப்புக்கு ஒரே வரிதான் இடம். கீழே காத்திருக்கும்போது என்ன செய்யலாம் என்பதற்கு மூன்று வரி.

முத்தையா எழுதியது:

அம்மா கவிதா, அத்தையின் பக்கம்தான் நியாயம். பதம் என்றால் அளவு, நிலை. ஆகவே ஈரப்பதம் காற்றுக்கும் மண்ணுக்கும் பொருந்தும். துளைக்குள் நிற்கும் நீருக்கு ஈரமே போதும். இன்னொன்று, துறை என்றாலே நீர்த்துறைதான். ஆற்றில் இறங்கும் இடம். அங்கே ஈரம் இருப்பதை எச்சரிக்கையாகச் சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

போனைத் தட்டி நீரை வெளியேற்றச் சொல்வீர்கள் அல்லவா, அதற்கும் நல்ல சொல் இருக்கிறது. 'ஈர்ங்கை விதிரார்' என்கிறது குறள் 1077. உண்ட கையைக்கூட உதறமாட்டாத கயவர். 'விதிர்க்கவும்' என்று போடுங்கள். விதிர், விதிர்ப்பு, விதிர்விதிர்ப்பு என்று ஒரு குடும்பமே இருக்கிறது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

ரமேஷ் எழுதியது:

'விதிர்க்கவும்' என்று திரையில் வந்தால் நான் போனையே மாற்றிவிடுவேன் ஐயா. "சார்ஜிங் போர்ட்டில் தண்ணீர்" என்று போட்டால் வேலை முடிந்தது. கீழே மூன்று வரி எதற்கு? அரிசியில் புதைத்து வை, அவசரமென்றால் அணைத்துவிட்டு சார்ஜ் போடு. நான் அப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பாஸ்கர் எழுதியது:

கோவையில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ரமேஷ், தயவுசெய்து இரண்டையும் கோப்பில் ஏற்றிவிடாதீர்கள். அரிசி துளைக்குள் இருக்கும் நீரை உறிஞ்சாது. தவிட்டுத் தூளும் குருணையும்தான் உள்ளே போய் உட்காரும். அதைக் குத்தி எடுத்தே எனக்கு ஒரு வருமானம் வருகிறது. போனை அணைத்தாலும் கேபிள் வழியே 5 வோல்ட் வந்து நிற்கலாம். பின்கள் ஈரமாக இருந்தால் அந்த மின்சாரம் நீர் வழியே பக்கத்துப் பின்னுக்குத் தாவும், நேர்முனைப் பின்னின் உலோகம் கரையும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து அந்தப் பின் கறுத்தோ பச்சைப் பூத்தோ இருக்கும். கேபிளை ஆட்டிப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். "ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள் அப்போதுதான் கடைக்கு வருவார்கள்.

சொல் விஷயத்துக்கு வருகிறேன். போன் ஈரத்தைப் பார்ப்பதே இல்லை. துளையின் சில பின்களுக்கு நடுவே மிகச் சிறிய மின்சாரம் விட்டு, தடை எவ்வளவு என்று அளக்கிறது. தடை குறைந்தால் ஏதோ இடையில் கிடக்கிறது என்று முடிவு கட்டுகிறது. அது தண்ணீராக இருக்கலாம், வியர்வை உப்பாக இருக்கலாம், துருவாகவும் இருக்கலாம். ஆண்ட்ராய்டு நிரலில் இதன் பெயரே `CONTAMINANT_DETECTION_DETECTED` தான், நீர் என்ற பேச்சே இல்லை. அதனால் 'ஈரம்' என்பதே பாதிப் பொய். என் கணக்கில் 'மின்கசிவு' சரி.

கவிதா எழுதியது:

பாஸ்கர் அண்ணா, மின்கசிவு என்று வந்தால் அத்தை வீட்டு மெயினை அணைத்துவிடுவார்.

நூர்ஜஹான் எழுதியது:

நான் சொல்லாராய்ச்சிக்கு வரவில்லை, ஒரு சந்தேகம். போனமாதம் கைப்பையில் இளநீர் கொட்டியது. போனைத் துடைத்து ஒரு நாள் வைத்தேன், எச்சரிக்கை போனது. அடுத்த மழைநாளில் திரும்ப வந்தது, வெயிலடித்ததும் போனது. இப்படியே மூன்று முறை. அப்படியானால் 'ஈரப்பதம்' சரிதானே?

பாஸ்கர் எழுதியது:

அக்கா, உங்கள் துளையில் இருப்பது இளநீரின் உப்பும் சர்க்கரையும். நீர் காய்ந்தாலும் அவை பின்மேல் படிந்து நிற்கும். மழைநாளில் காற்றிலுள்ள ஈரத்தை அவை இழுத்துக்கொள்கின்றன, மின்சாரம் கடக்கிறது, எச்சரிக்கை வருகிறது. உங்களுடையது தண்ணீர் தாங்கும் போன் என்றால், கொட்டிய உடனே நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட்டிருக்க வேண்டும். கடல்நீருக்கும் இதே வழி. இப்போது ஊசியால் சுரண்டாமல் கடையில் சுத்தம் செய்யக் கொடுங்கள். கேபிள் முனையையும் பாருங்கள். அதுவும் பிசுபிசுப்பாக இருந்தால் எந்தப் போனில் செருகினாலும் இதே கதைதான்.

சிவகுமாரன் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட பக்கம் 'ஈரலிப்பு' எண்டு ஒரு சொல் புழக்கத்தில இருக்கு. மண் ஈரலிப்பா இருக்கு, சுவர் ஈரலிப்பா இருக்கு எண்டு சொல்லுவம். நீர் சொட்டாது, ஆனால் தொட்டால் தெரியும். காற்றுக்கு 'ஈரப்பதன்', பொருளுக்கு 'ஈரலிப்பு', குழப்பமே இல்லை. பாஸ்கர் அண்ணை சொன்ன அந்த இளநீர்க் கதைக்கும் பொருந்தும்.

முத்தையா எழுதியது:

அருமை! ஈரலிப்பு! ஏற்கிறேன். துளைக்கு 'வாய்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறள் 91இல் ஈரமும் வாயும் ஒன்றாகவே வருகின்றன, ஆனால் அங்கே ஈரம் என்றால் அன்பு. 'மின்னேற்றுவாய்' எப்படி?

ரமேஷ் எழுதியது:

ஈரலிப்பை ஈரல் என்று படித்தேன். சென்னையில் நான் மட்டும் அப்படிப் படிக்க மாட்டேன்.

கவிதா எழுதியது:

ஞாயிறு இரவு பதினொன்று. கோப்பில் ஏற்றியது இது:

"சார்ஜ் வாயில் ஈரம். கேபிளைக் கழற்றவும்."

கீழே: "கேபிளைச் சுவர்ப் பக்கத்திலும் கழற்றவும். வாய் கீழ்நோக்கி இருக்கும்படி போனைப் பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வைக்கவும். அரை மணி நேரம் கழித்துச் செருகிப் பார்க்கவும். திரும்ப வந்தால் ஒரு நாள் வரை காத்திருக்கவும். சூடான காற்று, பஞ்சு, அரிசி வேண்டாம். காத்திருக்கும்போது போனைப் பயன்படுத்தலாம். போனின் முதுகு உலர்ந்திருந்தால் கம்பியில்லா சார்ஜரில் வைக்கலாம்."

மூன்று வரி ஏழாகிவிட்டது. முதலில் வெறுமனே "போனைத் தட்டவும்" என்றுதான் இருந்தது. அத்தை திரையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார், வேறு எல்லா இடத்திலும் நாமே அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதனால்தான் உள்ளங்கை உள்ளே வந்தது. 'விதிர்' வரவில்லை, ஐயா மன்னிக்கவும். 'ஈரலிப்பு' இலங்கைத் தமிழ்ப் பதிப்புக்குப் போகிறது.

முத்தையா எழுதியது:

தமிழ் 'வாய்'க்கு முன்னால் 'சார்ஜ்' நிற்பதை என் எதிர்ப்பாகப் பதிவு செய்யவும்.

பாஸ்கர் எழுதியது:

என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளை காலை ஒருவர் போனை நீட்டி, "நனையவே இல்லை, ஈரம்னு காட்டுது" என்பார். லென்ஸில் பார்த்தால் பச்சைத் துரு இருக்கும். நான் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.