உதவி: டேபிள் ரீடிங்கில் 9:20 வருது, 7 நிமிஷத்துக்குள் வேணும். எதை வெட்டுறது?

சின்னத்திரி
வணக்கம். கொஞ்சம் அவசரம். நேத்து ஸ்கிரிப்டை எல்லாரும் உட்கார்ந்து வாசிச்சோம். ஸ்டாப்வாட்ச்ல 9 நிமிஷம் 20 வினாடி. படம் 7 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. வர்ற ஞாயிறு ரெக்கார்டிங். ரெண்டு மூணு இடத்துல வாய் சிக்குது. 2 நிமிஷம் 20 வினாடி வெட்டணும்னா பாட்டி சீனையே எடுக்கணும், ஆனா கதையே அதுதான். எப்படி வெட்டலாம்?

பழைய ரீல்
பக்கம் எத்தனை என்று சொல்லவில்லை. 9 பக்கமாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது திரைக்கதையின் அரிச்சுவடி. அதைத் தெரிந்துகொண்டு எழுத உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கட்டிங் டேபிள்
கவலைப்படாதீங்க நண்பரே. முழுசா எடுத்துட்டு எடிட்ல குறைச்சுக்கலாம். உட்கார்ந்து வாசிக்கும்போது எப்பவும் நீளமாத்தான் வரும். நடிகர்கள் செட்டுக்கு வந்தா தானா வேகம் பிடிச்சிரும்.

மேசைவிளக்கு
வெட்டுறதுக்கு முன்னாடி சிலது தெரியணும். சீன் விவரிப்பையும் சத்தமா வாசிச்சீங்களா, வசனம் மட்டுமா? எத்தனை பேர் வாசிச்சாங்க? போன்ல பதிவு பண்ணினீங்களா, வெறும் ஸ்டாப்வாட்ச்தானா? வாசிச்சவங்க முன்னாடியே படிச்சிட்டு வந்தாங்களா?

பழைய ரீல் ஐயா, அந்தக் கணக்கு கூரியர் 12 எழுத்துருல ஆங்கிலத்துக்குப் போட்டது. அதுல எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், அதனாலதான் ஓரளவு நிக்குது. நம்ம எழுத்துகள்ல ‘ர’வுக்கும் ‘ணை’க்கும் எவ்வளவு வித்தியாசம்! எழுத்துருவை மாத்தினா பக்கமே மாறிடும். இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம்னு ரெண்டு பத்தியா எழுதினா அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்ல.

மதுரைக்காரி
எனக்கும் இதே பிரச்னைதான். சமையல் வீடியோவுக்குக் குரல் கொடுக்கும்போது படம் முடிஞ்சும் பேச்சு முடியல. மைக்கை மாத்தினேன், சரியாகல. எந்த மைக் வாங்கினீங்க?

சின்னத்திரி
சொல்ல மறந்துட்டேன், இது அனிமேஷன். குரலை முதல்ல பதிவு பண்ணி, அதை வச்சுத்தான் வரையப்போறோம். வினாடிக்கு 12 படம். ஸ்கிரிப்ட் 6 பக்கம்தான், 9 இல்ல. நாலு பேர் வாசிச்சாங்க. விவரிப்பை நான் வாசிச்சேன், அதையும் சேர்த்துத்தான் 9:20. யாருக்கும் முன்னாடி கொடுக்கல. போன்ல பதிவு இருக்கு.

கட்டிங் டேபிள்
அப்போ நான் சொன்னது பொருந்தாது. வரைஞ்சதை எடிட்ல தூக்கிப் போட்டா அத்தனை நாள் உழைப்பும் போச்சு. குரல் பதிவுக்கு முன்னாடியே குறைச்சிருங்க.

மேசைவிளக்கு
அந்த 9:20க்குள்ள மூணு வேற வேற நேரம் கலந்து கிடக்கு. அந்தப் பதிவை ஆடாசிட்டிங்கிற ஒலி எடிட்டிங் மென்பொருள்ல போடுங்க. ஓடிட்டு இருக்கும்போதே `Ctrl+M` தட்டினா அந்த இடத்துல ஒரு அடையாளம் விழும். விவரிப்பு தொடங்குற இடம், முடியுற இடம், யாராவது திரும்ப வாசிச்ச இடம், இவ்வளவுக்கும் அடையாளம் போட்டுக் கூட்டிச் சொல்லுங்க.

சின்னத்திரி
விவரிப்பு 2:30. சிரிப்பு, திருப்பி வாசிச்சது எல்லாம் சேர்த்து 30 வினாடி. அப்போ வசனம் 6:20தானே! வெட்டவே வேண்டாமா?

மேசைவிளக்கு
அவசரப்படாதீங்க. 6:20ங்கிறது பேச்சும் அதுக்கு நடுவுல வர்ற இடைவெளியும் மட்டும். பேச்சே இல்லாத காட்சியை அது கணக்குலயே எடுக்கல. ‘பாட்டி மாடிப்படி ஏறுகிறாள்’னு நீங்க 2 வினாடியில வாசிச்சிருப்பீங்க. திரையில அவங்க எத்தனை வினாடி ஏறுவாங்க? வீட்டுப் படியில நீங்களே அந்த வேகத்துல ஏறி ஸ்டாப்வாட்ச் பிடிங்க. வசனம் ஓடும்போதே நடக்கிற செயலை விட்டுடுங்க, மௌனமா நடக்கிறதை மட்டும் கூட்டுங்க.

சின்னத்திரி
எல்லாத்தையும் நடிச்சுப் பார்த்தோம். மௌனம் மட்டும் 1:35. ஆக 7:55.

மேசைவிளக்கு
அப்போ வெட்ட வேண்டியது 55 வினாடி. பாட்டி சீன் தப்பிச்சுது. அதையும் வசனத்துல மட்டும் தேடாதீங்க, மௌனத்துல கொஞ்சம் எடுக்கலாம். படி ஏறுறதுல பாதியைக் காட்டினா போதுமே.

இப்போ வாய் சிக்கின வரிகளைப் போடுங்க.

சின்னத்திரி
பாட்டி பேரன்கிட்டச் சொல்றது: ‘நேத்து சாயங்காலம் நீ கொண்டுவந்து குடுத்த பையில இருந்த உங்கம்மாவோட பழைய பட்டுப்புடவைய எடுத்து நான் பெட்டியில பத்திரமா வச்சிட்டேன்.’ பாட்டியா வாசிச்சவங்களும் தடுமாறினாங்க, அப்புறம் இன்னொருத்தர் வாசிச்சப்பவும் ‘புடவைய எடுத்து’ கிட்ட மூச்சு வாங்கினார்.

பழைய ரீல்
நல்ல குரல் கலைஞர் என்றால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். பயிற்சிக் குறைவு.

மேசைவிளக்கு
ஒருத்தர் மட்டும் தடுமாறினா அது வாசிக்கிறவரோட பிரச்னையா இருக்கலாம். ரெண்டு பேரும் ஒரே இடத்துல நின்னா வரியிலதான் கோளாறு. முன்னாடியே கொடுக்காம வாசிக்க வச்சது இதுக்கு நல்லதாப் போச்சு. பழகிட்டா வாய் சமாளிச்சிரும், கோளாறு வெளியே வராது.

இந்த வரியில வினை கடைசி வரைக்கும் வரல. அதுவரை கேக்கிறவரும் காத்திருக்கணும், சொல்றவரும் மூச்சைப் பிடிச்சிருக்கணும். எழுதும்போது எல்லாத்தையும் வினைக்கு முன்னாடி அடுக்குறோம். பேசும்போது நம்ம பாட்டிகள் முக்கியமானதை முதல்ல சொல்லிட்டு மிச்சத்தைப் பின்னாடி போடுவாங்க: ‘பெட்டியில வச்சிட்டேன்டா, உங்கம்மா புடவைய. பத்திரமா இருக்கு.’ பையைக் கொண்டுவந்தது பேரனுக்கே தெரியும், அவன்கிட்ட எதுக்குத் திரும்பச் சொல்லணும்? அது பார்வையாளருக்காகப் போட்டது. முந்தின காட்சியில பையைக் காட்டினா போதும்.

தாமிரபரணி
பாட்டி எந்த ஊரு? திருநெல்வேலின்னா ‘வச்சிருக்கேம்ல’ன்னு வரும். உச்சரிக்கிற மாதிரியே எழுதுங்க. பொதுத்தமிழ்ல எழுதினா ஆளாளுக்கு ஒரு மாதிரி சுருக்குவாங்க, அப்புறம் நேரம் எப்படி நிக்கும்?

கட்டிங் டேபிள்
அதுல ஒரு சிக்கல் இருக்கு. வட்டார உச்சரிப்பை அப்படியே எழுதிக் கொடுத்தா வேற ஊர்க்காரங்க எழுத்துக்கூட்டி வாசிக்கிறாங்க. ரீடிங்ல வரி சிக்குதா, எழுத்து சிக்குதான்னே தெரியாமப் போயிடும். பொதுவா எழுதி, ஊர்ப் பேரை ஓரத்துல போட்டா போதும்.

தாமிரபரணி
ஓரத்துல ஊர்ப் பேரைப் போட்டா எல்லாப் பாட்டியும் சினிமாப் பாட்டி மாதிரிதான் பேசுவா. என் ஆச்சி அப்படிப் பேசினதில்ல.

மேசைவிளக்கு
ரெண்டிலயும் நியாயம் இருக்கு. நான் பாட்டியோட வரிகளை மட்டும் அந்த ஊர்க்காரர் ஒருத்தரை விட்டு வாசிக்கச் சொல்லி, அவர் சொன்னபடி எழுதிக்குவேன். ஆனா எல்லாருக்கும் அப்படி ஆள் கிடைக்காது.

மதுரைக்காரி
மைக்கை விட்டுட்டேன். நானும் என் வரிகளைப் பார்த்தேன், எல்லாமே ‘போட்டு எடுத்து வச்சு’ன்னு நீளமாத்தான் இருக்கு.

சின்னத்திரி
நேத்து ராத்திரி மறுபடி வாசிச்சோம், இந்தத் தடவை நான் வாயே திறக்கல. புடவை வரியை மாத்தியாச்சு. கண்டக்டரோட ரெண்டு வரி போச்சு, படிக்கட்டு பாதி. இப்போ மௌனத்தோட சேர்த்து 7:10. நாளைக்கு ரெக்கார்டிங். மிச்ச 10 வினாடியைப் பதிவு பண்ணும்போது பார்த்துக்கலாமா?

மேசைவிளக்கு
வேண்டாம், இன்னிக்கே எடுத்துடுங்க. உட்கார்ந்து வாசிக்கும்போது யாரும் அழுறதில்ல. மைக் முன்னாடி பாட்டி அழ ஆரம்பிச்சா அந்த வரி நீளத்தான் செய்யும்.