ஆண்டு விழா உடை பற்றிய ஹெச்ஆர் மெயில்: இன்று மாலைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும், உதவி

புதுஹெச்ஆர்
எங்கள் கம்பெனி ஆண்டு விழா வரும் சனிக்கிழமை. இந்த வருஷம் பாரம்பரிய தீம். என்ன உடையில் வர வேண்டும் என்று நேற்று எல்லோருக்கும் மெயில் போனது. காலையிலிருந்து ஒரே போன், இரண்டு பேர் நேராக ஜிஎம் அறைக்கே போய்விட்டார்கள். மாலை 5 மணிக்குள் விளக்க மெயில் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். என்ன எழுதினால் எல்லோரும் அடங்குவார்கள்? மாதிரி இருந்தால் போடுங்கள் ப்ளீஸ், அவசரம்.

ஷிஃப்ட்_பி
நேற்றைய மெயிலில் என்ன இருந்தது என்று சொல்லாமல் விளக்கம் கேட்டால் எப்படி? விழா எங்கே, கம்பெனிக்கு உள்ளேயா வெளியேயா? பகலா மாலையா? தொழிற்சாலை ஆட்களும் வருகிறார்களா, ஆபீஸ் மட்டுமா?

பட்டுநூல்
மாலை விழா என்றால் மென்பட்டு கட்டுங்கள், கனமான காஞ்சிபுரம் வேண்டாம், நாலு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு விட்டுப்போகும். நான் போன வருஷம் மாம்பழ நிறத்தில் பச்சை பார்டர் கட்டினேன், போட்டோவில் நன்றாக விழுந்தது. தோளில் ஒரு ஊக்கு, இடுப்பு மடிப்பில் ஒரு ஊக்கு போதும்.

ஷிஃப்ட்_பி
அக்கா, அவர் தனக்கு என்ன கட்டலாம் என்று கேட்கவில்லை.

பழையஆசாமி
ஒவ்வொரு டிசம்பரிலும் இதே கேள்வி. முன்பே இரண்டு இழைகள் இருக்கின்றன, தேடிப் பார்க்கும் பழக்கம் இந்தத் தலைமுறைக்கு இல்லை. ஒரு பக்க மெயில் எழுதத் தெரியாதவர்களை ஹெச்ஆரில் வைத்தால் இப்படித்தான். என் காலத்தில் நோட்டீஸ் போர்டில் 'வேட்டி, சேலை' என்று எழுதி ஒட்டுவோம், ஒருவரும் வாய் திறந்ததில்லை.

மலர்விழி_தாம்பரம்
வாய் திறக்காததும் பிரச்சினை இல்லாததும் ஒன்றா சார்? புதுஹெச்ஆர், அந்த மெயிலை அப்படியே இங்கே போடுங்கள், கம்பெனி பெயரை எடுத்துவிட்டு. பார்க்காமல் சொல்ல முடியாது.

புதுஹெச்ஆர்
சரி. ஆங்கிலத்தில் போனது, தமிழில் தருகிறேன். மேலே இருந்து வந்த வரைவு, நான் அனுப்பியது மட்டும்தான்.

"அனைவரும் கட்டாயம் பாரம்பரிய உடையில் வர வேண்டும். ஆண்கள்: வேட்டி, சட்டை. பெண்கள்: பட்டுச் சேலை, பூ, பொட்டு அவசியம். கையில்லாத ரவிக்கை, முதுகு தெரியும் ரவிக்கை, உடல் தெரியும் மெல்லிய சேலை, இறுக்கமான உடை, அதிக மேக்கப் தவிர்க்கவும். துறைக்கு ஒரு நிறம்: உற்பத்தி பச்சை, கணக்கு மெரூன், ஹெச்ஆர் மஞ்சள், விற்பனை நீலம். இதன்படி வராதவர்களுக்கு அரங்கில் அனுமதி இல்லை."

இடம் சென்னையில் ஒரு கிளப் ஹால். மாலை 4 மணி. தொழிற்சாலை ஆட்களும் உண்டு, ஏ ஷிஃப்ட் 2 மணிக்கு முடிந்து அப்படியே கம்பெனி பஸ்ஸில் வருவார்கள்.

சட்டம்பேசுவோன்
இது செல்லவே செல்லாது. எதை உடுத்துவது என்பது அரசியல் சாசனம் 19ஆம் பிரிவு தரும் உரிமை. ஒருவர் வழக்குப் போட்டால் கம்பெனி மாட்டிக்கொள்ளும். அந்த வரியைப் போட்டு ஜிஎம்முக்கு அனுப்புங்கள், அடங்கிவிடுவார்.

கணக்குப்பிள்ளை
19 முக்கியமாக அரசுக்கு எதிராகக் கேட்கிற உரிமை. தனியார் கம்பெனி மேல் அதை நேராக வைத்து வழக்குப் போடுவது அவ்வளவு சுலபமில்லை. யூனிஃபார்ம் கொடுக்கிற கம்பெனியெல்லாம் அப்போது மூட வேண்டியதுதான். இதைப் போய் ஜிஎம்மிடம் சொன்னால் இந்தப் பிள்ளைக்குத்தான் மெமோ வரும்.
எனக்கு உறுத்துவது நிறம். மெரூன் வேட்டி எங்கே கிடைக்கும்? மெரூன் சட்டை என்று எடுத்துக்கொண்டாலும் மாசக் கடைசி, பெண்களுக்குப் புதுச் சேலை, அதற்குப் பொருந்துகிற ரவிக்கை, நாலு நாளில் எந்த டெய்லர் தைத்துத் தருவார்? எங்கள் ஆபீஸில் இப்படித்தான் 'நேவி ப்ளூ' என்று போட்டார்கள், பாதிப் பேர் வாங்கவே இல்லை, வாங்கினவர்கள் வாங்காதவர்களைத் திட்டினார்கள்.

மலர்விழி_தாம்பரம்
ஹெச்ஆரில் ரொம்ப காலமாக இருக்கிறேன், இதில் எது எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில் எண்ணிப் பாருங்கள். ஆண்களுக்கு இரண்டு சொல், பெண்களுக்கு மூன்று வரி, அதிலும் பெரும்பகுதி உடம்பைப் பற்றியது. 'முதுகு தெரியும்', 'இறுக்கமான' என்று எழுதினால் வாசலில் யாரோ ஒருவர் நின்று ஒவ்வொரு பெண்ணின் முதுகையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அது செக்யூரிட்டியா, மேனேஜரா? அந்தப் பார்வையே நாளைக்கு பாலியல் புகார்க் குழுவின் முன்னால் வரும். அந்த வரியை மென்மையாக்கப் பார்க்காதீர்கள், முழுசாக எடுத்துவிடுங்கள். 'அலுவலக நிகழ்ச்சிக்கு ஏற்ற உடை' என்று இருபாலருக்கும் பொதுவாக ஒரு வரி போதும்.

அடுத்தது பூவும் பொட்டும். ஜிஎம் அறைக்குப் போன இருவரில் ஒருவராவது இதற்காகத்தான் போயிருப்பார் என்று நினைக்கிறேன். கணவரை இழந்தவர்களில் வைக்கிறவர்களும் உண்டு, வைக்காதவர்களும் உண்டு, அதைப் பற்றி ஆபீஸ் மெயில் பேசவே கூடாது. முஸ்லிம் பெண்கள் பொதுவாகப் பொட்டு வைக்க மாட்டார்கள், சில கிறிஸ்தவ சபைப் பெண்கள் இரண்டையுமே வைக்க மாட்டார்கள். 'அவசியம்' என்று எழுதினால் ஒவ்வொருவரும் தன் வீட்டு நிலைமையை ஹெச்ஆரிடம் வந்து விளக்கிச் சொல்ல வேண்டி வரும், அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது. வாசலில் ஒரு தட்டில் மல்லிகைச் சரம் வையுங்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள், மெயிலில் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

மூன்றாவது, 'பாரம்பரியம்' என்று சொல்லிவிட்டுத் தமிழ்நாட்டு உடையை மட்டும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் தொழிற்சாலையில் அஸ்ஸாம், ஒடிசா, பீகார் ஆட்கள் இல்லையா? அஸ்ஸாம் பெண் மேகலா சாதர் உடுத்தி வந்தால் உள்ளே விடுவார்களா? 'உங்கள் ஊர், உங்கள் வீட்டுப் பாரம்பரிய உடை எதுவோ அது' என்று எழுதி, உதாரணமாக வேட்டி, முண்டு, குர்தா, சேலை, சல்வார், பாவாடை தாவணி, மேகலா சாதர் என்று ஆறேழைப் போடுங்கள். தலைப்பாகை, ஹிஜாப் அணிகிறவர்கள் வழக்கம்போல அணியலாம் என்று ஒரு வரி.

ஷிஃப்ட்_பி
ஏ ஷிஃப்ட்டை மறந்துவிட்டீர்கள் எல்லோரும். சேஃப்டி ஷூவும் எண்ணெய்க் கறையுமாக 2 மணிக்கு வெளியே வருகிறவன் எப்போது குளித்து, எப்போது வேட்டி கட்டுவது? எங்கள் கம்பெனியில் ஒரு வருஷம் பஸ்ஸுக்குள்ளேயே மாற்றினோம். பெண்கள் ஒரே ஒரு கழிப்பறைக்கு வரிசையில் நின்று, சேலை நுனி ஈரத்தில் நனைந்து, விழா பாதி முடிந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை குளியலறையை 3 மணி வரை திறந்து வையுங்கள், பெண்களுக்கு ஒரு ட்ரெயினிங் ரூம், அதில் கண்ணாடி, ஊக்கு, தாழ்ப்பாள். பஸ்ஸை 2:15க்குப் பதில் 3 மணிக்கு எடுக்கச் சொல்லுங்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் அழைப்பு உண்டா என்பதையும் தெளிவாக எழுதுங்கள், அவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

பழையஆசாமி
வேட்டி கட்ட முக்கால் மணி நேரமா? நாலு முழம் என்றால் அரை நிமிஷம். இப்போதெல்லாம் ஒட்டிக்கோ வேட்டி, பாக்கெட் வேட்டி என்று வந்துவிட்டது, அதைக் கட்டுகிறவர்கள் பேண்டே போட்டுக்கொண்டு வரலாம்.

ஷிஃப்ட்_பி
ஒட்டிக்கோ வேட்டியில் என்ன குறை? மேடையில் பரிசு வாங்கும்போது அவிழாது. முதல் தடவை கட்டுகிற பையன்கள் எட்டு முழத்தோடு திண்டாடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பழையஆசாமி
பெல்ட் எதற்கு இருக்கிறது?

கணக்குப்பிள்ளை
வேட்டிச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஹால் கிளப்பில் என்கிறார். அந்தக் கிளப்பிலேயே வேட்டிக்கு அனுமதி உண்டா என்று யாராவது கேட்டார்களா?

சட்டம்பேசுவோன்
இதில் சட்டம் தெளிவு. 2014 ஜூலையில் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டுக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. பெரிய பிரச்சினையாகி, அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்தவரை அதற்காகத் தடுத்தால் கிளப்பின் உரிமம் ரத்தாகலாம், ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

மலர்விழி_தாம்பரம்
இது சரியான தகவல். ஆனால் செருப்பு? சில கிளப்களில் பின்வார் இல்லாத செருப்புக்குத் தடை உண்டு. வேட்டி கட்டி ஷூ போட்டு வருவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஹால் மேனேஜரிடம் இன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சனிக்கிழமை 4 மணிக்கு வாசலில் நின்று சட்டம் பேசினால் விழா நடக்காது.

சட்டம்பேசுவோன்
செருப்பும் பாரம்பரிய உடையில் அடங்கும் என்பது என் வாதம்.

கணக்குப்பிள்ளை
உங்கள் வாதம் வாசல்காரருக்குத் தெரிய வேண்டுமே.

மலர்விழி_தாம்பரம்
மணி மூன்றாகிவிட்டது, மாதிரி கீழே. முதல் வரியிலேயே பழைய மெயில் ரத்து என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மெயிலும் சேர்ந்து சுற்றும், ஆளுக்கு ஒன்றைக் காட்டுவார்கள். போனில் படிக்கிறவர்கள் நாலு வரிக்கு மேல் இறங்க மாட்டார்கள், அதனால் தேவையானதை மேலே வையுங்கள்.

"உடை பற்றி நேற்று அனுப்பிய மெயிலுக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளவும். விழா சனிக்கிழமை மாலை 4 மணி. பாரம்பரிய உடையில் வர அழைக்கிறோம், கட்டாயம் இல்லை. உங்கள் ஊர்ப் பாரம்பரிய உடை எதுவும் சரி. வழக்கமான அலுவலக உடையில் வந்தாலும் வரவேற்பு உண்டு. இதற்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், துறை நிறங்கள் விலக்கிக்கொள்ளப்பட்டன. உடைக்காக யாரையும் வாசலில் நிறுத்த மாட்டோம். ஏ ஷிஃப்ட்டில் இருந்து வருகிறவர்கள் உடை மாற்ற இடம், பஸ் நேரம் கீழே. சந்தேகம் இருந்தால் இந்த இருவரில் ஒருவரைத் தனியாகக் கேட்கலாம்."

அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். செக்யூரிட்டி ஏஜென்சிக்கும் இதே மெயில் போக வேண்டும், அவர்கள் கையில் பழைய தாள் இருக்கும்.

பழையஆசாமி
கட்டாயம் இல்லை என்றால் பாதிப் பேர் ஜீன்ஸில் வருவார்கள். அப்புறம் எதற்குத் தீம்?

மலர்விழி_தாம்பரம்
வரட்டுமே சார். சிறந்த உடைக்கு ஒரு பரிசு என்று அறிவித்தால் வேட்டி கட்ட ஆசைப்படுகிறவன் கட்டுவான். அதற்கு நடுவர் யார், எதைப் பார்த்து மதிப்பெண் என்பது வேறு தலைவலி, அதை இன்றைக்குத் தொடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை
நிறத்தை விலக்கியதற்கு ஜிஎம் ஒத்துக்கொள்வாரா? ஏற்கெனவே வாங்கினவர்கள் பில்லோடு வருவார்களே.

புதுஹெச்ஆர்
மெயில் போய்விட்டது. நிறம் 'விருப்பமானால்' என்று ஆனது, முழுசாக எடுக்க ஜிஎம் விடவில்லை. பூ, பொட்டு, ரவிக்கை வரிகள் போயின. பஸ் 3 மணி. கிளப்பில் வேட்டி சரி என்று எழுதிக் கொடுத்தார்கள், செருப்புக்கு 'கமிட்டியைக் கேட்டுச் சொல்கிறோம்' என்றார்கள். நன்றி எல்லோருக்கும்.

ஷிஃப்ட்_பி
காண்ட்ராக்ட் ஆட்கள் பற்றி எழுதினீர்களா?

பட்டுநூல்
ஹெச்ஆருக்கு மஞ்சள் என்றால் அரக்கு பார்டர் எடுங்கள், பொருந்தும்.

ஷிஃப்ட்_பி
புதுஹெச்ஆர்? காண்ட்ராக்ட் ஆட்கள்?