புதுப்பிப்பு: அம்மாவுக்கு வந்த ஃபிரிட்ஜ் வாரண்டி போன்

நான் கேட்டிருந்தது: "தொண்டியில் இருக்கும் அம்மாவுக்கு, ஃபிரிட்ஜ் வாரண்டியை நீட்டிக்க 4,720 ரூபாய் அக்கவுண்டில் போடச் சொல்லி போன் வருகிறது, போடலாமா?"

நீங்கள் வேண்டாம் என்பதற்குள் அம்மா 2,000 முன்பணம் அனுப்பிவிட்டார். 4,000-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சரியாக 4,720 வருகிறதே, நிஜம்தான் என்றார் மச்சான். கணக்கு சரி, ஆனால் அதை யார் வேண்டுமானாலும் போடலாமே. வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் பணம் போன பெயரைப் பார்க்கச் சொன்னார்: கம்பெனி இல்லை, தனி ஆளின் சேவிங்ஸ் அக்கவுண்ட்.

அப்புறம் மீதிக்குப் போன் வந்தபோது நானே பேசினேன். மாடலும் வாங்கிய மாதமும் சரியாகச் சொன்னான், சீரியல் நம்பரின் கடைசி நாலு இலக்கம் கேட்டதும் "நீங்களே படிங்க மேடம்" என்றான். வாரண்டி பதிவாவதே அந்த நம்பரில்தானே! உப்புக்காற்றில் துருப்பிடித்தாலும் கவர் ஆகுமாம். எங்கள் ஃபிரிட்ஜின் பின்பக்கக் கம்பி செதில் செதிலாக உதிர்கிறது, ஆனால் வாரண்டித் தாளில் துரு சேராது என்று அச்சிட்டே இருக்கிறது.

உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்து, பணம் அனுப்பியதற்கான யுடிஆர் எண்ணைக் கொடுத்தோம், cybercrime.gov.in தளத்திலும் பதிந்தோம். 1,400 அந்த அக்கவுண்டிலேயே முடக்கப்பட்டிருக்கிறது, 600 அதற்குள் எடுக்கப்பட்டுவிட்டது. முடங்கியது இன்னும் கைக்கு வரவில்லை.

கீழக்கரையிலிருந்து கார் பேட்டரி பற்றிக் கேட்ட அண்ணனுக்கு: உங்களுடையது ஷோரூம் மாற்றித்தர மறுக்கும் பிரச்சினை, அதற்கு நுகர்வோர் உதவி எண் 1915.